G-யிலிருந்து Am-க்கு: நடுவில் ஒரு டிமினிஷ்ட் கார்டு

மெதுவான பியானோ பாட்டுகளில் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பேஸ் வழுக்கிக்கொண்டு மேலே ஏறுவதுபோல ஒரு உணர்வு வரும், கேட்டிருப்பீர்கள். பல சமயம் அது டிமினிஷ்ட் பாசிங் கார்டின் வேலை. C மேஜரில் G, Am இரண்டுக்கும் நடுவில் அதை வைத்துப் பார்ப்போம்.

```
| C . . . | G . G . | Am . . . | F . G . |
```

முதலில் இதை நிமிடத்துக்கு 68 பீட் அளவில் நாலைந்து தடவை வாசியுங்கள். நாலு கார்டுமே C ஸ்கேலுக்குள் இருப்பவை. G-யும் A-யும் அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள், ஆனால் நடுவில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. நாம் கால் வைக்கப்போவது அந்த G#-இல்தான். E-க்கும் F-க்கும் நடுவில் இப்படிக் கறுப்பு கிடையாது, அதனால் Em-இலிருந்து F-க்குப் போகும்போது இந்த வழி இல்லை.

சரி, கார்டைக் கட்டுவோம். G#-இலிருந்து கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் சேர்த்து மூன்று மூன்று கட்டையாக எண்ணிக்கொண்டே போனால் G#, B, D, F கிடைக்கும். இதுதான் G#dim7. ரூட்டைத் தவிர மற்ற மூன்றும் வெள்ளை.

```
| C . . . | G . G#dim7 . | Am . . . | F . G . |
```

இடது கையில் பேஸ் மட்டும், அதாவது நடு C-க்குக் கீழே இரண்டாவதாக வரும் G, அப்புறம் G#, அப்புறம் A. முதலில் இந்த மூன்றை மட்டும் தனியாக வாசியுங்கள், ஏனென்றால் கேட்பவர் காதில் பதியப்போவது இந்த ஏற்றம்தான்.

வலது கையில் G-க்கு B, D, G பிடியுங்கள், B நடு C-க்கு ஒட்டிக் கீழே இருப்பது. G#dim7-க்கு B-யும் D-யும் அசையாது, மேலே இருக்கும் G மட்டும் F-க்கு இறங்கும். Am-க்கு மூன்று விரலும் ஒவ்வொரு வெள்ளைக் கட்டை இறங்கி A, C, E. ஆக, பேஸ் ஏற ஏற வலது கை இறங்குகிறது. நான் முதலில் பழகியபோது வலது கையையும் பேஸோடு சேர்த்து மேலே தூக்கிக்கொண்டே போனேன், எல்லா சுரமும் சரியாக இருந்தும் கார்டுகள் தனித்தனியாகத் தெறித்து நின்றன.

இப்போது G#dim7-ஐ அடித்துவிட்டு Am-க்குப் போகாமல் அப்படியே நில்லுங்கள். ஏதோ பாதியில் விட்டதுபோல இருக்கும். G#, A-வுக்கு ஒட்டிக் கீழே இருக்கிறது, F, E-க்கு ஒட்டி மேலே இருக்கிறது, இரண்டுமே Am-க்குள் போய் விழக் காத்திருக்கின்றன. இன்னொன்றும் உண்டு: Am-க்கு அழைத்துப்போகும் E7-இன் சுரங்கள் E, G#, B, D, அதில் E-யைத் தவிர மற்ற மூன்றும் இந்தக் கார்டிலேயே இருக்கின்றன. ஸ்கேலுக்கு வெளியே இருக்கும் G# தப்பாகக் கேட்காததற்கு இதுதான் காரணம்.

சொதப்பல் பெரும்பாலும் பெடலில்தான் வரும். G-யில் மிதித்த சஸ்டெய்ன் பெடலை G#-க்கு மாற்றாமல் விட்டால் அடியில் G-யும் G#-ம் ஒன்றாக அதிரும், பேஸ் கலங்கிப்போய் கேட்கும். G# அடித்த அதே கணத்தில் பெடலை எடுத்து, உடனே மறுபடி மிதியுங்கள். Am-க்கும் அப்படியே.

அடுத்தது மெலடி. பாடுபவர் அந்த இடத்தில் B, D, F-இல் எதையாவது நீட்டினால் கவலை இல்லை. C-யை நீட்டினால் கார்டில் இருக்கும் B-யோடு உரசும், G-யை நீட்டினால் பேஸில் இருக்கும் G#-ஓடு உரசும். அப்போது டிமினிஷ்டை மூன்றாவது பீட்டில் வைக்காமல், மெலடி நகர்ந்த பிறகு நாலாவது பீட்டில் மட்டும் தொட்டுவிட்டுப் போகலாம். அதற்கும் இடம் இல்லையென்றால் அந்த வரியில் விட்டுவிடுங்கள், பாட்டுதான் முக்கியம்.

இது கை வந்த பிறகு F-இலும் முயலுங்கள்.

```
| F . F#dim7 . | C/G . . . |
```

வலது கையில் A, C, F பிடித்து, F#dim7-க்கு மேல் F-ஐ மட்டும் E-க்கு இடதுபக்கக் கறுப்புக் கட்டைக்கு இறக்குங்கள். அப்புறம் C/G-க்கு A-யை G-க்கு இறக்கி, C-யை அப்படியே வைத்து, கறுப்பில் இருக்கும் விரலை E-க்கு ஏற்ற வேண்டும், பேஸ் அதற்குள் F, F#, G என்று ஏறியிருக்கும். இதை நான் கோரஸின் கடைசி வரிக்கு மட்டும்தான் வைத்திருப்பேன், ஒவ்வொரு சுற்றிலும் வாசித்தால் மூன்றாவது தடவையே காது அதை முன்கூட்டி எதிர்பார்த்துவிடும்.