அலகு எடைக்கு ஏற்ற புளூபிரிண்ட்: 50 மதிப்பெண் வினாத்தாளுக்கு ஒரு வழி

பத்தாம் வகுப்பு இயற்பியலில் முதல் ஐந்து அலகுகளுக்கு 50 மதிப்பெண் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் 10, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 4 வினாக்கள்.

எடையைப் பாடவேளையிலிருந்து எடுங்கள். பக்க எண்ணிக்கை வேண்டாம். படமும் பயிற்சியும் பக்கத்தை நிறைத்துவிடும். இங்கே இயக்க விதிகள் 10, மின்னோட்டவியல் 8, ஒளியியல் 6, வெப்ப இயற்பியல் 4, ஒலியியல் 4, ஆக 32 பாடவேளைகள். லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், எனக்கு அதுதான் பிடிக்கும். B2 முதல் B6 வரை பாடவேளையை இட்டு, C2 கட்டத்தில் இதை எழுதி C6 வரை நிரப்புங்கள்:

```
=B2/SUM(B$2:B$6)*50
```

15.6, 12.5, 9.4, 6.25, 6.25 என்று வரும். தசமத்தை விட்டுவிட்டால் கூடுதல் 48. மீதி இரண்டைத் தசமம் பெரிதாக உள்ள இரு அலகுகளுக்குக் கொடுங்கள்: 16, 13, 9, 6, 6.

சரி, பலரும் சிக்கிக்கொள்வது இனிமேல்தான். ஒரு மதிப்பெண் வினாக்களை முதலில் பிரித்தால் கடைசியில் ஐந்து மதிப்பெண் எந்த அலகிலும் பொருந்தாது. பெரியதிலிருந்து தொடங்குங்கள். 6 மதிப்பெண் அலகில் ஐந்து மதிப்பெண் வினா வைக்காதீர்கள். அந்த ஒரே கேள்வி தெரியாத மாணவருக்கு அலகே போய்விடும். அதனால் நான்கும் எடை கூடிய மூன்று அலகுகளுக்கே: 2, 1, 1.

அடுத்து ஒற்றை, இரட்டை பார்க்க வேண்டும். இரண்டு மதிப்பெண் வினா எத்தனை வைத்தாலும் இரட்டைதான். ஆகவே 13 போன்ற ஒற்றைப்படை அலகில் ஒன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள் இரண்டும் சேர்ந்து ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் அட்டவணை எப்போதும் ஒரு மதிப்பெண் கூடவோ குறையவோ நிற்கும்.

| அலகு | 1 | 2 | 5 | மொத்தம் |
|---|---|---|---|---|
| இயக்க விதிகள் | 2 | 2 | 2 | 16 |
| மின்னோட்டவியல் | 2 | 3 | 1 | 13 |
| ஒளியியல் | 2 | 1 | 1 | 9 |
| வெப்ப இயற்பியல் | 2 | 2 | 0 | 6 |
| ஒலியியல் | 2 | 2 | 0 | 6 |

குறுக்கே அலகு மதிப்பெண்ணும், கீழ்நோக்கி 10, 10, 4 என்பதும் சேர்ந்தே சரியாக வர வேண்டும். ஒன்று மட்டும் சரியானால் வினா எழுதத் தொடங்காதீர்கள்.

பிற்சேர்க்கை: "ஏதேனும் பத்துக்கு விடையளி" என்று சாய்ஸ் கொடுத்தால் என்ன ஆகும் என்று சில ஆசிரியர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டு மதிப்பெண்ணில் 12 கொடுத்து 10 எழுதச் சொன்னால், ஒலியியலின் இரண்டையும் ஒருவர் விட்டுவிடலாம். அவருக்கு அந்த அலகின் எடை 6லிருந்து 2 ஆகிவிடும். அச்சிட்ட தாள்தான் புளூபிரிண்டோடு பொருந்தும், அவர் எழுதிய தாள் பொருந்தாது. எடை முக்கியம் என்றால் "அல்லது" வகைச் சாய்ஸ் மட்டும் கொடுங்கள். இரண்டு வினாவும் ஒரே அலகிலிருந்து, ஒரே கடினத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் கணக்கும் மறுபக்கம் வரையறையும் வைத்தால், அலகு எடை காப்பாற்றப்படும். ஆனால் கணக்கு தெரியுமா என்பது சோதிக்கப்படாமலே போகும்.