சதுரங்கப் போட்டிப் பதிவு அறிவிப்பை எழுதுவது எப்படி?

சென்ற ஆண்டு சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் சதுரங்கக் கழகம் நடத்திய போட்டிக்கு நான்தான் வாட்ஸ்அப் அறிவிப்பை எழுதினேன். ‘12 வயதுக்குக் கீழ்’ என்று ஒரு பிரிவு போட்டிருந்தேன். போட்டியன்று காலை ஒரு தாய் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மகனை அழைத்து வந்தார். அவனுக்கு மார்ச் மாதமே 12 வயது நிறைந்திருந்தது. பள்ளிப் போட்டிகளில் அந்த ஆண்டு முழுவதும் அவன் 12 வயதுப் பிரிவில்தான் ஆடியிருக்கிறான். இன்னொரு பெற்றோரோ, “கீழ் என்றால் 11 வரைதானே?” என்று கேட்டார். இருவரும் சரியாகத்தான் படித்திருந்தார்கள். என் வரிதான் இரண்டு பொருள் தந்தது. கடைசியில் பையனை மேல் பிரிவில் உட்கார வைத்தோம். ஐந்து சுற்றிலும் தோற்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவின் பின்னால் ஏறிப் போனான்.

அதற்குப் பிறகு அறிவிப்பு எழுதும் முறையையே மாற்றிக்கொண்டேன். முதல் முறையாகப் போட்டி நடத்துகிறவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பலகைகளை எண்ணுங்கள்

எழுத உட்காரும் முன் கழகத்தில் எத்தனை பலகைகளும் கடிகாரங்களும் இருக்கின்றன என்று பாருங்கள். எங்களிடம் 20 இருக்கின்றன. ஆகவே 40 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அந்த 40-ஐப் பிரிவுகளுக்குப் பங்கிடும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் இரட்டைப்படை எண் கொடுங்கள். ஒற்றைப்படையாக ஆட்கள் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் எதிராளியின்றி உட்கார்ந்து, ஆடாமலே புள்ளி வாங்குவார்.

படி 2: வயதை எழுதாதீர்கள், பிறந்த ஆண்டை எழுதுங்கள்

இதில்தான் நான் தவறினேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சதுரங்கத்தில் வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டைக் கொண்டே முடிவு செய்வது வழக்கம். 2026இல் 12 வயதுப் பிரிவு என்றால் 2014ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். பிறந்த நாள் ஜனவரியா டிசம்பரா என்பது பொருட்டில்லை. ‘2014 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள்’ என்று எழுதிவிட்டால் சர்ச்சைக்கு இடமில்லை. மைகிட் அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே பிறந்த ஆண்டைக் காட்டும்; போட்டியன்று அட்டையைப் பார்த்தால் போதும். முழு எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் அடையாள எண் குழுக்களில் சுற்றக்கூடாது.

பிரிவுகளைக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். 40 பேரை ஐந்து பிரிவாக்கினால் ஒன்றில் எட்டுப் பேர்தான் தேறுவார்கள். சுவிஸ் முறை என்பது ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமப் புள்ளி உள்ளவர்களை மோதவிடுவது; அதில் ஒருமுறை ஆடிய இருவர் மறுபடி சந்திக்கக் கூடாது. எட்டுப் பேருக்கு ஐந்து சுற்று என்றால் கடைசிச் சுற்றுகளில் பொருத்தமான எதிராளி கிடைப்பது அரிது. தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பொது என்று மூன்று போதும். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைப்பதைவிட, அதே பிரிவுக்குள் தனிப் பரிசு வைப்பது நல்லது என்பது என் கருத்து.

படி 3: கட்டணத்தோடு அதில் அடங்குவதையும் சொல்லுங்கள்

‘கட்டணம் 10 ரிங்கிட்’ என்று மட்டும் எழுதினால், சாப்பாடு உண்டா, நேரில் வந்து கட்டலாமா, வரமுடியாவிட்டால் பணம் திரும்புமா என்று மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் பதிலை அதே வரியை ஒட்டியே எழுதுங்கள். வங்கி வழியாகக் கட்டுவோர் பரிமாற்றக் குறிப்பில் பிள்ளையின் பெயரைப் போடும்படி கேளுங்கள். பணம் அம்மாவின் கணக்கிலிருந்து வரும், பட்டியலில் மகளின் பெயர் இருக்கும். குறிப்பு இல்லாவிட்டால் யார் கட்டினார்கள் என்று தேடியே இரவு போய்விடும்.

படி 4: சண்டை வரும் விதிகளை மட்டும் எழுதுங்கள்

குதிரை எப்படி நகரும் என்று சொல்லத் தேவையில்லை. மேசையில் தகராறு எழும் இடங்கள் சிலவே: தொட்ட காய், தப்பான நகர்வு, கைப்பேசி, தாமதம், சமப் புள்ளி. அவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும்.

ஆட்ட நேரத்தை எழுதும்போது நாள் முழுவதையும் கணக்கிடுங்கள். ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி கூடுதல் என்று வைத்தால், 60 நகர்வு போகும் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் கிடைக்கும். ஆட்டம் 40 நிமிடத்தில் முடியும். முடிவைக் குறித்து அடுத்த இணையை ஒட்ட 10 நிமிடம் சேர்த்தால் சுற்றுக்கு 50 நிமிடம், ஐந்து சுற்றுக்கு 4 மணி 10 நிமிடம். 9 மணிக்குத் தொடங்கினால், இடையில் சாப்பாட்டையும் சேர்த்து, 2.30-க்குள் பரிசளித்துவிடலாம். தோட்டத்திலிருந்து வரும் பெற்றோர் எப்போது வீடு திரும்பலாம் என்பதை இந்த ஒரு வரியிலிருந்துதான் தெரிந்துகொள்வார்கள்.

படி 5: இறுதி நாளுக்கு மணியும் வேண்டும்

‘ஆகஸ்ட் 16 வரை’ என்றால் நள்ளிரவு 11.58-க்கும் பதிவு வரும். மணியைக் குறிப்பிடுங்கள், ‘இடங்கள் நிரம்பினால் அதற்கு முன்பே முடியும்’ என்றும் சேருங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. கோப்பைகளில் பெயர் பொறிக்கவும் சாப்பாட்டுக்குச் சொல்லவும் எண்ணிக்கை வேண்டுமல்லவா? நாள் குறிக்கும்போது கோயில் நாட்காட்டியையும் பாருங்கள். ஆடி ஞாயிறுகளில் எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் கோயிலில் இருக்கும். அதனால்தான் ஆடி முடிந்த ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம்.

படி 6: முக்கியமானதை மேலே வையுங்கள்

நீண்ட செய்தியை வாட்ஸ்அப் பாதியில் வெட்டி ‘மேலும் படிக்க’ என்று காட்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை. நாள், இடம், இறுதி நாள் மூன்றும் முதல் சில வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். சுவரொட்டிப் படத்தில் எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். படத்தில் உள்ள எண்ணை நேராகத் தொட்டு அழைப்பது பெரும்பாலும் முடியாது, எழுத்தில் உள்ள எண்ணை அழைக்கலாம்.

இந்த ஆண்டுக்கு நாங்கள் எழுதியது இது:

> தாமான் சதுரங்கப் போட்டி, சுங்கை சிப்புட்
> ஆகஸ்ட் 23, 2026, ஞாயிறு, காலை 9.00. பதிவுமேசை 8.15 முதல். பாலாய் ராயா.
> பதிவுக்கு இறுதி நாள்: ஆகஸ்ட் 16, ஞாயிறு, இரவு 10 மணி. 40 இடங்கள் மட்டுமே. நிரம்பினால் முன்பே முடியும்.
>
> பிரிவுகள்
> தொடக்கப்பள்ளி: 2014 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் (16 இடம்)
> இடைநிலைப்பள்ளி: 2009 முதல் 2013 வரை பிறந்தவர்கள் (12 இடம்)
> பொது: எவரும் ஆடலாம் (12 இடம்)
> இளையவர் மேல் பிரிவில் ஆடலாம். மூத்தவர் கீழ்ப் பிரிவில் ஆட இயலாது.
>
> கட்டணம்: மாணவர் 10 ரிங்கிட், பொது 15 ரிங்கிட். மதிய உணவு உட்பட. பணம் கட்டினால்தான் இடம் உறுதி. இறுதி நாளுக்குள் விலகினால் பணம் திரும்பும், பிறகு திரும்பாது.
>
> விதிகள்: சுவிஸ் முறை, 5 சுற்று. ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி கூடுதல். தொட்ட காயை நகர்த்த வேண்டும். தப்பான நகர்வு: முதல் முறை எதிராளிக்கு 1 நிமிடம் கூடும், இரண்டாம் முறை ஆட்டம் தோல்வி. 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் அந்தச் சுற்று தோல்வி. கைப்பேசியை நடுவர் மேசையில் வைக்க வேண்டும். புள்ளி சமமானால், யாருடைய எதிராளிகள் கூடுதல் புள்ளி எடுத்தார்களோ அவரே முன்னிலை. நடுவர் முடிவே இறுதி.
>
> பதிவு செய்ய: பெயர், பிறந்த ஆண்டு, பிரிவு, கட்டண ரசீது ஆகியவற்றை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்: (கழகத்தின் எண்)

அனுப்பும் முன் சதுரங்கம் ஆடத் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். “பிள்ளையோடு நானும் உள்ளே இருக்கலாமா?” என்று கேட்டார். அதை யோசித்திருக்கவே இல்லை. ‘ஆட்டம் தொடங்கியதும் பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும், நாற்காலியும் தேநீரும் உண்டு’ என்று விதிகளின் கடைசியில் சேர்த்துவிட்டே அனுப்பினோம்.