பேஜ் ஃபால்ட் எண்ணும்போது விடை எங்கே பிசகுகிறது

ஒரு நிரல் கீழே உள்ள வரிசையில் பக்கங்களைக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் பக்கங்கள் உட்காரும் இடங்களான பிரேம்கள் மூன்று, தொடக்கத்தில் மூன்றும் காலி.

```
1 2 3 4 1 2 5 1 2 3 4 5
```

முதல் மூன்று பக்கங்கள் காலி இடத்தில்தான் உட்காருகின்றன. யாரையும் வெளியேற்றவில்லையே என்று அவற்றை எண்ணாமல் விடுகிறவர்கள் உண்டு. பக்கம் நினைவகத்தில் இல்லையென்றாலே ஃபால்ட்தான், ஆகவே அந்த மூன்றும் கணக்கில் சேரும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது எட்டாவது, ஒன்பதாவது இடங்களில். இடம் இல்லாதபோது முதலில் உள்ளே வந்த பக்கத்தை நீக்குவது ஃபிஃபோ, நெடுநேரமாகப் பயன்படாத பக்கத்தை நீக்குவது எல்ஆர்யு. ஏழாவது இடத்தில் 5 வந்ததும் ஃபிஃபோவிலும் எல்ஆர்யுவிலும் பிரேம்களில் இருப்பவை 1, 2, 5. அடுத்து வரும் 1, 2 இரண்டும் ஏற்கனவே உள்ளே இருப்பதால் ஹிட். இங்கே ஃபிஃபோவில் எதையும் தொடக் கூடாது. முதலில் உள்ளே வந்தது எது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. ஹிட்டால் அந்த வரிசை மாறாது. அதனால் அடுத்த 3 வரும்போது 1 வெளியேறும், 4 வரும்போது 2 வெளியேறும், கடைசி 5 ஹிட். மொத்தம் 9 ஃபால்ட்.

ஹிட் ஆன பக்கத்தை வரிசையின் கடைசிக்குத் தள்ளினால் அது எல்ஆர்யு ஆகிவிடும். அப்போது 3 வரும்போது 5 வெளியேறிவிடும், கடைசியில் 5 மறுபடி ஃபால்ட் ஆகும், மொத்தம் 10. ஃபிஃபோவுக்கு 10 வந்தால் இந்த இரண்டு ஹிட்களைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

எல்ஆர்யுவுக்கு 10 என்பது சரியான விடைதான். அது ஃபிஃபோவைவிடக் குறைவாகத்தானே வர வேண்டும் என்று நினைத்துச் சரியான விடையை அடித்துவிடாதீர்கள். அப்படி ஒரு விதி கிடையாது. இருப்பதிலேயே குறைந்த ஃபால்ட் தரும் ஆப்டிமல் முறையைவிடக் குறைந்து வந்தால்தான் கணக்கு நிச்சயம் தவறு.

ஆப்டிமலில் வரும் குழப்பம் வேறு. அங்கே ஏற்கனவே வந்ததை அல்ல, இனி வரப்போவதைப் பார்த்து, நெடுநேரம் தேவைப்படாததை நீக்க வேண்டும். முதல் 4 வரும்போது 1 ஐந்தாவது இடத்திலும், 2 ஆறாவதிலும், 3 பத்தாவதிலும் தேவைப்படும்; ஆகவே 3 வெளியே. அப்புறம் 5 வரும்போது அதேபோல் 4 போகும். பத்தாவது இடத்தில் 3 வரும்போது 1, 2 இரண்டும் இனி வரவே வராது. எதை நீக்கினாலும் எண்ணிக்கை மாறாது, 5-ஐ மட்டும் நீக்கிவிடாதீர்கள். மொத்தம் 7.

இதே வரிசைக்கு நான்கு பிரேம் கொடுத்தால் ஃபிஃபோவில் ஃபால்ட் 9-லிருந்து 10 ஆக உயரும். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். பிரேம் கூடியும் ஃபால்ட் கூடுகிற இதுதான் பெலாடி முரண்பாடு; 1969-ல் பெலாடி, நெல்சன், ஷெட்லர் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்தது. எல்ஆர்யுவிலும் ஆப்டிமலிலும் இது நடக்காது: நான்கு பிரேமில் அவை முறையே 8, 6 எனக் குறையும். அந்த இரண்டில் பிரேம் கூடி ஃபால்ட்டும் கூடினால் கணக்கை மறுபடி போடுங்கள்.