ஆள் மாறிப் போன மின்னஞ்சல்: அழிக்கச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்தில் கடல்பாசி வாங்கி விற்கும் அலுவலகம் ஒன்றில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், நான் வந்த புதிதில் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். முகவரியில் இரண்டு எழுத்து அடித்ததுமே ஜிமெயில் ஒரு பெயரை நிரப்பிவிடுகிறது. அதனால் மின்னஞ்சல் ஆள் மாறிப் போவது யாருக்கும் நடக்கும். ஆனால் அதற்குப் பின் பதற்றத்தில் எழுதும் இரண்டாவது கடிதம்தான் பெரிய சேதத்தைச் செய்கிறது.

பயமுறுத்தி எழுதுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பாசி வளர்க்கும் பெண்கள் குழுவின் வங்கிக் கணக்கு எண்களும் ஆதார் நகல்களும் இருந்த கோப்பு, வங்கிக்குப் போக வேண்டியது, கீழக்கரையில் லாரி வைத்திருக்கும் ஒருவருக்குப் போய்விட்டது. அனுப்பிய பெண் உடனே இன்னொரு மின்னஞ்சல் போட்டாள். தலைப்பில் "மிக அவசரம், ரகசியம், திறக்காதீர்கள்". உள்ளே, ஆதார் விவரம் இருக்கிறது, வெளியே போனால் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று எழுதியிருந்தாள். போதாக்குறைக்கு, பழைய மின்னஞ்சலுக்கு மேலேயே எழுதி, அதே கோப்பை மறுபடியும் இணைத்து அனுப்பிவிட்டாள்.

அந்த மனிதர் முதல் மின்னஞ்சலைப் பார்த்திருக்கவே இல்லை. இரண்டாவதைப் பார்த்ததும் பயந்துபோய், "இது என்ன கேஸ்?" என்று கேட்டுத் தன் ஆடிட்டருக்கும் மருமகனுக்கும் கோப்போடு அனுப்பினார். மருமகன் அதை வாட்ஸப்பில் ஒரு வக்கீலுக்கு அனுப்பினார். ஒரே ஆளிடம் இருந்த நகல், மதியத்துக்குள் நான்கு பேரிடம் இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. பயந்தவர் துணை தேடத்தான் செய்வார், அப்படித் தேடும்போது கோப்பும் கூடவே போகும். நம்மோடு எந்த ஒப்பந்தமும் இல்லாதவரை மிரட்டுவதில் நமக்குக் கிடைப்பதும் ஒன்றுமில்லை.

பிறகு நான் போனில் பேசினேன். "காக்கா, தப்பு எங்க பக்கம்தான். உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது" என்பதை முதலில் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் குரல் தணிந்தது. யார் யாருக்கு அனுப்பினார் என்பதையும் தானாகவே சொன்னார். பேசி முடித்ததும், எழுத்தில் இருக்கட்டும் என்று புதிய மின்னஞ்சலாக இதை அனுப்பினேன்:

> வணக்கம். இன்று காலை 10.40-க்கு "குழு விவரம்" என்ற தலைப்பில் வந்த மின்னஞ்சலும், அதன் பிறகு அதே கோப்போடு வந்ததும் எங்கள் தவறால் உங்களுக்கு வந்துவிட்டன. சிலருடைய தனிப்பட்ட விவரங்கள் அதில் இருப்பதால் இரண்டையும் அழித்துவிட வேண்டுகிறேன். ட்ராஷ் பகுதியிலும், போனில் இறக்கியிருந்தால் அங்கேயும் அழித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பியவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அதில் உள்ளதை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் போதும். முடிந்ததும் "அழித்துவிட்டேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

எந்த மின்னஞ்சல் என்பதை நேரமும் தலைப்பும் காட்டிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று விவரித்தால் ஆர்வம்தான் கூடும். அதற்காக "சும்மா ஒரு பழைய பட்டியல்" என்று பொய் சொல்லவும் கூடாது. அவர் ஏற்கெனவே திறந்திருந்தால் நம் பேச்சை நம்ப மாட்டார். ட்ராஷைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஜிமெயிலில் அழித்தது 30 நாள் வரை அங்கேயே கிடக்கும்.

"திருப்பி அனுப்புங்கள்" என்பது

அவருடைய அனுப்பியவை பகுதியில் இன்னொரு நகல் உட்காரும். கேட்காதீர்கள்.

படம் எடுத்து அனுப்பச் சொல்வது

அழித்ததற்கு ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சந்தேகப்படுவதாக அவருக்குத் தோன்றும், படமும் போனில் தங்கும். அவருடைய ஒரு வரிப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

ரீகாலை நம்புவது

அவுட்லுக்கில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும். வெளியே ஜிமெயிலுக்குப் போனதை அது தொடாது. ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்ய அதிகபட்சம் 30 விநாடிதான். ஆனால் கோப்பை டிரைவ் இணைப்பாக அனுப்பியிருந்தால், கடிதம் எழுதும் முன் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

பதில் வந்ததோடு விட்டுவிடுவது

"அழித்துவிட்டேன்" என்பது அவருடைய வாக்கு, அவ்வளவுதான். அவர் போனை நாம் பார்க்க முடியாது. போனது கடவுச்சொல் என்றால் உடனே மாற்ற வேண்டும். எங்கள் விஷயத்தில் மேலாளரிடம் அன்றே சொன்னோம். பிறகு அந்தப் பெண்களிடமும் நேரில் போய், என்ன போனது, யாரிடம் போனது என்பதைச் சொல்லி, வங்கியிலிருந்து பேசுவதாக யார் ஓடிபி கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.