சர்க்கரை நோய் வீடியோவுக்கு ஸ்கிரிப்ட்: பயமுறுத்தாமல் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோய் பற்றிய மூன்று நிமிட வீடியோ ஒன்றுக்கு நான் எழுதிய ஸ்கிரிப்டைப் படப்பிடிப்புக்கு முன்னால் பத்துப் பேரிடம் படித்துக் காட்டினேன். அவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே சுகர் உண்டு. முடித்ததும், "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "கடைசியில காலை எடுத்துடுவாங்கன்னு சொன்னீங்களே, அதுதாங்க" என்றார். பாதத்தைக் கவனிக்க வேண்டும் என்றும் அதே ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. அது ஒருவர் மனதிலும் நிற்கவில்லை.

அந்த வரியை நான் எடுத்துச் சொன்னபோது, "அதையும் சொன்னீங்களா?" என்று கேட்டார். காலைப் பற்றிய வரி காதில் விழுந்ததும் அவர் மனம் வேறெங்கோ போய்விட்டது. நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மோசமான முடிவை முதலில் வைப்பது

இந்தத் தலைப்பில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். "சத்தமில்லாமல் கொல்லும் நோய்" என்று தொடங்கி, கண், கிட்னி, கால், இதயம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி இருபது வினாடியில் "எனவே கவனமாக இருங்கள்" என்று முடிப்போம். ஆபத்தைக் கேட்டதும் மனம் இரண்டில் ஒன்றைச் செய்யும். செய்யக்கூடிய வழி கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தால் ஆபத்தைச் சமாளிக்கப் பார்க்கும். தெரியாவிட்டால் பயத்தைச் சமாளிக்கப் பார்க்கும்: வீடியோவை நிறுத்திவிடும், "எனக்கெல்லாம் வராது" என்று சொல்லிக்கொள்ளும், டெஸ்ட் எடுப்பதைத் தள்ளிப்போடும். கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-ல் எழுதிய கோட்பாட்டின் சாரம் இதுதான்.

அதற்கும் முன்பு, 1965-ல், ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய குழுவினரும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் ஊசி பற்றி ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு அதிகம் பயமுறுத்தும் கையேடு, சிலருக்குக் குறைவாகப் பயமுறுத்தும் கையேடு. பயத்தின் அளவு கூடியதால் மட்டும் ஊசி போட வந்தவர்கள் கூடவில்லை. சுகாதார மையம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டி, "எப்போ போவீங்கன்னு முடிவு பண்ணிக்குங்க" என்று சொல்லப்பட்டவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போய்ப் போட்டுக்கொண்டார்கள். அது சொல்லப்படாதவர்களில் சுமார் 3 சதவீதம்தான்.

இதைப் படித்தபின் நான் வைத்துக்கொண்ட ஒரு கணக்கு: பயம் தரக்கூடிய வாக்கியத்துக்கும் செய்யக்கூடிய வேலையைச் சொல்லும் வாக்கியத்துக்கும் நடுவே எத்தனை வினாடி? பத்துக்கு மேல் போனால் அந்த இடத்தைத் திருத்தி எழுதுகிறேன். ஆபத்தை மறைப்பதற்காக அல்ல. கேட்பவரைத் தனியாகப் பயத்தோடு விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

எழுத்துத் தமிழில் எழுதி, பேச்சாக மாறும் என்று நம்புவது

அன்று நான் படித்த பாதப் பகுதி இப்படி இருந்தது:

"நீரிழிவு நோயாளிகளின் பாதங்களில் ஏற்படும் சிறு புண்கூட உரிய நேரத்தில் சிகிச்சையளிக்கப்படாவிடில் காலை இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லும். எனவே பாதப் பராமரிப்பில் அலட்சியம் கூடாது."

பிழை ஒன்றும் இல்லாத தமிழ்தான். ஆனால் "நோயாளிகளின்" என்றதுமே கேட்பவர் "வேற யாரையோ சொல்றாங்க" என்று ஒதுங்கிவிடுகிறார். "சிகிச்சையளிக்கப்படாவிடில்" என்ற சொல்லைக் காதால் பிரித்துப் புரிந்துகொள்வதற்குள் வாக்கியமே முடிந்துவிடுகிறது. "அலட்சியம் கூடாது" என்பது கண்டிப்பு. என்ன செய்ய வேண்டும் என்பது எங்குமே இல்லை. பேசுகிறவர் வாசிக்கும்போது தானாகவே பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொள்வார் என்று விட்டால், பாதி செய்தி வாசிப்பாகவும் பாதி பேச்சாகவும் வரும். அந்த ஓட்டத்தில் கேட்பவருக்கு வருவது ஒருவித விறைப்புதான்.

திருத்தி எழுதியது இது:

"சுகர் ரொம்ப நாள் அதிகமாவே இருந்தா, பாதத்துல உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா குறையலாம். சின்னதா ஒரு கல்லு குத்தினாகூட வலி தெரியாது. வலி சொல்ல வேண்டியதைக் கண்ணு பார்த்துச் சொல்லட்டும். ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் ஒருதடவை பாருங்க. அடிப்பாதம், குதிகால், விரல் இடுக்கு. குனிய முடியலையா? தரையில ஒரு கண்ணாடியை வச்சுப் பாருங்க, இல்ல வீட்ல இருக்கிறவங்களைப் பார்க்கச் சொல்லுங்க. புண்ணோ கொப்புளமோ சிவந்த இடமோ தெரிஞ்சா, வலிக்கலைன்னாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆரம்பத்துலயே காட்டிட்டா ஆத்துறது சுலபம். காலையே எடுக்க வேண்டிய நிலைமை பெரும்பாலும் கவனிக்காம விட்ட ஒரு சின்னப் புண்ணுலதான் ஆரம்பிக்குது. அதைத்தான் நாம இப்ப தடுக்கிறோம்."

நீளம் கூடிவிட்டது, உண்மைதான். முன்பு பதினைந்து வினாடி, இப்போது ஒரு நிமிடத்தை நெருங்குகிறது. அதற்காகக் கண், இதயம், கிட்னி மூன்றையும் அந்த வீடியோவிலிருந்தே எடுத்துவிட்டேன். மூன்று நிமிடத்தில் நான்கு உறுப்பைச் சொல்வதைவிட ஒன்றைச் செய்யும் அளவுக்குச் சொல்வது மேல். காலை எடுப்பது பற்றிய வரியையும் நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இடம்தான் மாறியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகு அதைக் கேட்கிறவருக்கு அது ஒரு காரணமாக நிற்கிறது.

பேச்சுத் தமிழ் என்றதும் ஏதோ ஒரு வட்டார வழக்குக்குள் போய்விடவும் வேண்டாம். எல்லோருக்கும் பழகிய "இருக்கு", "பாருங்க", "வந்துடும்" போதும். "நீரிழிவு" என்ற சொல்லை ஒருமுறை திரையில் காட்டிவிட்டு, வாயால் "சுகர்" என்றோ "சர்க்கரை நோய்" என்றோ சொல்லலாம். எதைச் சொன்னாலும் கடைசிவரை அதையே சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு நோய் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மென்மை என்ற பெயரில் பொய் சொல்வது

பயமுறுத்தக் கூடாது என்று சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். "பயப்படவே வேண்டாம், சுலபமா சரியாயிடும்." இது அதைவிட ஆபத்து. உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாளில் மாத்திரையை நிறுத்த இந்த ஒரு வரி போதும். எடை கணிசமாகக் குறைந்தபின் மருந்து இல்லாமலே சர்க்கரை அளவு சரியாக நிற்பது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு நடக்கிறது. அவர்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை தேவை. அதனால் நான் எழுதுவது, "இதைக் கட்டுப்பாட்டுல வச்சுக்கிட்டு நல்லா வாழலாம். மாத்திரையைக் கூட்டுறதோ குறைக்கிறதோ டாக்டர்கிட்ட கேட்டுத்தான்" என்பதுதான்.

மென்மை கூடவே கூடாத இடம் ஒன்று உண்டு: சர்க்கரை திடீரென்று குறைவது. 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வேர்க்கும், தலை கிறுகிறுக்கும். இந்த இடத்தில் "கொஞ்சம் இனிப்பா ஏதாவது சாப்பிட்டுப் பாருங்களேன்" என்று எழுதினால் கேட்பவருக்கு உதவாது. குரல் அமைதியாக இருக்கட்டும், சொல் உத்தரவாக இருக்கட்டும்: "உடனே மூணு நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இன்னும் 70-க்குக் கீழ இருந்தா மறுபடியும் குடிங்க. மயங்கி விழுந்தவங்க வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

எண்ணைத் தீர்ப்பு மாதிரி சொல்வது

"வெறும் வயிற்றில் 126-க்கு மேல் இருந்தால் உங்களுக்குச் சர்க்கரை நோய்" என்று எழுதிவிடுகிறோம். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து மருத்துவர்கள் அப்படி உறுதி செய்வதில்லை. இன்னொரு பரிசோதனையிலும் அப்படியே வந்தால்தான் சொல்வார்கள். ஆகவே, "126 இல்ல அதுக்கு மேல காட்டினா, டாக்டரைப் பாருங்க, இன்னொருதடவை பார்த்து உறுதி பண்ணுவாங்க" என்றால் அது உண்மை, கூடவே பதற்றமும் குறையும்.

எச்பிஏ1சி என்ற பெயரே சிலரை மிரட்டிவிடும். நான் அதை இப்படிச் சொல்கிறேன்: "ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுக்கள் கிட்டத்தட்ட நாலு மாசம் உயிரோட இருக்கும். அத்தனை நாளும் சர்க்கரை அதுமேல ஒட்டிக்கிட்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பார்த்தா, கடந்த ரெண்டு மூணு மாசம் சுகர் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும்." எண்களை அடுக்குவதை அங்கேயே நிறுத்திவிடலாம். அவரவர் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து மாறும். அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

குற்றம் சுமத்துவது

"வாயைக் கட்டாததால் வந்த வினை" என்ற தொனி நாம் நினைக்காமலே வந்துவிடும். முதல் வகைச் சர்க்கரை நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது. அந்தக் குழந்தை எதையும் தப்பாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் வகையிலும் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஸ்கிரிப்டில் "அலட்சியம்", "கட்டுப்பாடில்லாத", "இனிமேலாவது" என்ற மூன்றையும் தேடி எடுத்தாலே தொனி பாதி மாறிவிடும்.

எழுத்தில் மென்மையாக இருந்ததை எடிட்டிங்கில் கெடுத்துவிடவும் முடியும். புண்ணின் படமும் அபாய இசையும் வேண்டாம் என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

அந்தப் பெரியவரிடம் திருத்திய ஸ்கிரிப்டை மறுபடி படித்துக் காட்டினேன். இந்த முறை "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "வீட்ல போய் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராத்திரி பாதத்தைப் பார்க்கணும், விரல் இடுக்குலயும் பார்க்கணும். எனக்குக் கண்ணு சரியா தெரியாது, பேத்தியைப் பார்க்கச் சொல்லிக்கிறேன்" என்றார். கண்ணாடி பற்றிய வரியில் "கண்ணு மங்கலா இருந்தா" என்பதையும் சேர்த்துக்கொண்டு படப்பிடிப்புக்குக் கொடுத்தேன்.