அத்தையின் கண்ணாடிச் சீட்டு: போட்டோவைப் பார்த்து லென்ஸ் ஆர்டர் செய்வது எப்படி?

டொராண்டோவில் மகளோடு இருக்கும் எங்கள் அத்தை போன மாதம் கண்ணாடியை உடைத்துக்கொண்டார். பவர் எழுதிய சீட்டு திருநெல்வேலியில் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆர்டர் போட உட்கார்ந்த மதினி, நல்லவேளை, பணம் கட்டும் முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். வலது கண்ணுக்கு AXIS 100 என்று இருந்தது. சீட்டில் இருந்ததோ 10. அதன் தலையில் போட்டிருந்த டிகிரிச் சுழி, போட்டோவில் பூஜ்ஜியமாகிவிட்டது.

முதலில் எந்தக் கண் என்று பாருங்கள். நம் ஊர்ச் சீட்டில் RE வலது, LE இடது. அங்கே அதுவே OD, OS என்று இருக்கும். கண்ணாடி அணிபவரின் வலது, இடதுதான் கணக்கு. எதிரில் நின்று பார்ப்பவருடையது அல்ல.

அடுத்து SPH, அதாவது ஸ்பியர். கண்ணாடியின் அடிப்படை பவர் இதுதான். மைனஸ் என்றால் தூரத்தில் இருப்பது மங்கும் கண். பிளஸ் என்றால் எதிர் வகை. பவர் கால் காலாக ஏறும். ஆகவே புள்ளிக்குப் பிறகு 00, 25, 50, 75 ஆகியவைதான் வரும். போட்டோவில் -225 என்று தெரிந்தால் புள்ளி மங்கியிருக்கிறது, அது -2.25. PL அல்லது Plano என்றிருந்தால் பவர் பூஜ்ஜியம்.

CYL என்பது சிலிண்டர். கண்ணின் முன்பரப்பு எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாதவர்களுக்கு, ஒரு திசையில் மட்டும் கூடுதல் பவர் வேண்டும். எவ்வளவு என்பது CYL. சிலிண்டரை எந்தக் கோணத்தில் வைப்பது என்பது AXIS. இரண்டும் ஜோடி. CYL பெட்டி காலியாக இருந்தாலோ DS என்று எழுதியிருந்தாலோ சிலிண்டர் இல்லை; AXIS-உம் தேவையில்லை.

AXIS 1 முதல் 180 வரை போகும். அதனால் சுழி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து 18 வரையிலான எண்களுக்குத்தான். 5 என்பது 50 ஆகும், 18 என்பது 180 ஆகும். 170-ஐ யாரும் 1700 என்று படிக்க மாட்டார்கள். 30 டிகிரி தவறினாலே சிலிண்டர் போட்டும் போடாததற்குச் சமம். அத்தைக்கு 90 டிகிரி தவறியிருக்கும். குறை சரியாவதற்குப் பதில் இரட்டிப்பாகியிருக்கும். இதனால்தான் போட்டோவோடு நிறுத்தாமல், AXIS-ஐ மூன்று இலக்கமாக டைப் செய்தும் அனுப்பச் சொல்கிறேன்:

```
RE  SPH -2.25  CYL -0.75  AXIS 010
LE  SPH -1.75  CYL -0.50  AXIS 170
```

சரி, 100 என்று வந்தாலே தப்பா? இல்லை. அத்தையின் பழைய சீட்டு ஒன்றில், வேறொரு டாக்டர் வலது கண்ணுக்கு -3.00, +0.75, 100 என்று எழுதியிருந்தார். பவர் மாறிவிட்டதா என்று மதினி பதறினார். இரண்டும் ஒரே லென்ஸ்தான். சில டாக்டர்கள் சிலிண்டரைப் பிளஸில் எழுதுவார்கள், கண்ணாடிக்கடையில் மைனஸில் எழுதுவார்கள். மாற்றிப் பார்ப்பது எளிது. SPH-ஐயும் CYL-ஐயும் கூட்டுங்கள்: -3.00 உடன் +0.75, விடை -2.25. CYL-இன் குறியைத் திருப்புங்கள்: -0.75. AXIS-இல் 90 கழியுங்கள்: 10. சீட்டில் உள்ள AXIS 90-ஓ அதற்குக் குறைவோ என்றால் 90 கூட்டவேண்டும். எந்த வடிவில் இருந்தாலும் மூன்றையும் ஒரே சீட்டிலிருந்து அப்படியே எடுங்கள். “மைனஸாக இருக்கும்” என்று குறியை மட்டும் மாற்றினால் அது வேறு லென்ஸ்.

அப்புறம் NV வரிசை. DV தூரத்துக்கு, NV கிட்டத்தில் படிக்க. அத்தையின் வலது கண்ணுக்கு NV-யில் SPH +0.25 என்று இருந்தது. மதினி அதை ADD பெட்டியில் போட்டிருந்தார். ADD என்பது தூரப் பவரோடு எவ்வளவு கூட்டவேண்டும் என்பது. -2.25-இலிருந்து +0.25 வரை போக 2.50 வேண்டும். இடது கண்ணில் -1.75-இலிருந்து +0.75, அங்கும் 2.50. ADD பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் ஒன்றாகத்தான் வரும் என்பதால், வேறுபட்டால் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோமா என்று திரும்பப் பாருங்கள்.

நம் சீட்டில் பெரும்பாலும் இல்லாத ஒன்று PD. இரண்டு கருமணிகளின் நடுவே உள்ள தூரம், மில்லிமீட்டரில். அதை அங்கேயே ஒரு கண்ணாடிக்கடையில் அளந்துகொள்ளச் சொன்னேன். புரோகிரசிவ் லென்ஸுக்கு ஃபிரேமை முகத்தில் மாட்டி உயரமும் அளக்கவேண்டும், போட்டோவை நம்பி அதை வாங்காதீர்கள். அத்தைக்கு DV-க்கு ஒன்று, NV-க்கு ஒன்று என இரண்டு கண்ணாடி போட்டோம். படிக்கிற கண்ணாடிக்கு NV வரிசை அப்படியே SPH, CYL, AXIS ஆகப் போகும். ADD பெட்டி காலி.

பார்சல் வந்ததும் மதினி இரண்டையும் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்கு எடுத்துப்போய் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்தார். வலது லென்ஸில் 10 என்றே காட்டியது.