எல்லையும் தொகையீடும் இடம் மாறாத இடம்: ஒரு முக்கோண மேட்டை வைத்துப் பார்ப்போம்

சார்புகளின் தொடர்முறை ஒன்று f₁, f₂, f₃ … என்று போகிறது. ஒவ்வொன்றின் தொகையீட்டையும் கண்டுபிடித்துவிட்டு எல்லை எடுக்கலாம். அல்லது முதலில் சார்புகளின் எல்லையை எடுத்து, கிடைத்த சார்பைத் தொகையிடலாம். இரண்டும் ஒரே விடை தரும் என்று நினைத்துத்தான் பலரும் lim குறியைத் தொகையீட்டுக் குறிக்கு உள்ளே தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பித்தும் விடுகிறார்கள். தப்பிக்க முடியாத எடுத்துக்காட்டு ஒன்றை இங்கே கையால் போட்டுப் பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் போதும், கடைசிப் பகுதிக்கு மட்டும் பைதான் வேண்டும்.

படி 1: மேட்டை வரையுங்கள்

0 முதல் 1 வரையிலான இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். n = 2, 3, 4 … ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கோணம். அடிப்பக்கம் 0-இல் தொடங்கி 2/n-இல் முடிகிறது. உச்சி x = 1/n-க்கு நேர் மேலே, n உயரத்தில். முக்கோணத்துக்கு வலப்பக்கம் முழுக்கச் சார்பின் மதிப்பு 0.

சூத்திரமாக:

- 0 ≤ x ≤ 1/n எனில் fₙ(x) = n²x
- 1/n ≤ x ≤ 2/n எனில் fₙ(x) = 2n − n²x
- மற்ற இடங்களில் fₙ(x) = 0

n = 4-க்கு வரைந்தால் அடிப்பக்கம் அரை அலகு, உயரம் 4. n = 10-க்கு அடிப்பக்கம் 0.2, உயரம் 10. அதற்கு மேல் தாளில் அளவுப்படி வரைய முயல வேண்டாம், கோடு போல ஆகிவிடும்.

படி 2: முதலில் தொகையீடு, பிறகு எல்லை

தொகையீடு என்பது இங்கே முக்கோணத்தின் பரப்புதான்: ½ × (2/n) × n = 1. n அடிபட்டுப் போகிறது. எல்லா n-க்கும் பரப்பு 1 என்பதால் எல்லையும் 1.

படி 3: முதலில் எல்லை, பிறகு தொகையீடு

தொடங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேடு உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்துவிட்டு, எல்லைச் சார்பு 0-இன் அருகே முடிவிலிக்குப் போகும் என்று எழுதுவார்கள். அப்படியில்லை. எல்லைச் சார்பைக் கண்டுபிடிக்க ஒரு x-ஐப் பிடித்து நிறுத்திவிட்டு, n-ஐ மட்டும் நகர்த்த வேண்டும். x = 0.01-ஐ நிறுத்திப் பார்ப்போம்:

- n = 10: மதிப்பு 1
- n = 50: 25
- n = 100: 100 (உச்சி சரியாக இந்தப் புள்ளிக்கு மேல்)
- n = 150: 75
- n = 199: 1.99
- n = 200: 0; அதற்கு மேல் எப்போதும் 0

ஏறியது, இறங்கியது, பிறகு மேடு இந்தப் புள்ளியை விட்டு இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. எந்த x > 0-ஐ எடுத்தாலும் இதே கதைதான்: n ≥ 2/x ஆனதும் fₙ(x) = 0. x = 0-இல் மதிப்பு எப்போதுமே 0. ஆகவே எல்லைச் சார்பு எங்கும் 0, அதன் தொகையீடும் 0.

ஒரு வழியில் 1, இன்னொரு வழியில் 0. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை.

பரப்பு எங்கே போனது?

எங்கும் போகவில்லை. முழுப் பரப்பும் 0 என்ற ஒரு புள்ளியை நோக்கி நெருக்கப்பட்டுவிட்டது. எந்தத் தனிப் புள்ளியும் மேடு தன்னைத் தாண்டிப் போவதை மட்டும்தான் பார்க்கிறது. ஆனால் 0.01-க்கு n = 200 போதும் என்றால், 0.0001-க்கு 20,000 வேண்டும். எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான ஒரு n கிடையாது. தொகையீடோ, n-ஐ நிறுத்திவிட்டு எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. அதன் பார்வையில் மேடு எப்போதும் எங்கோ இருந்துகொண்டுதான் இருக்கிறது.

சிக்கல் 0-இல் மட்டும்தான் என்பதையும் சோதித்துவிடலாம். 0.05 முதல் 1 வரை மட்டும் தொகையிடுங்கள். n ≥ 40 ஆனதும் அந்தப் பகுதியில் எதுவும் இல்லை. இரண்டு வழியிலும் விடை 0, தாராளமாக இடம் மாற்றலாம்.

படி 4: எந்த நிபந்தனை உடைந்தது?

இடம் மாற்றலாம் என்று நிறுவும்போது பாடநூல் பயன்படுத்துவது ஒரே ஒரு சமனிலிதான்: தொகையீடுகளின் வித்தியாசம் ≤ இடைவெளியின் நீளம் × சார்புகளுக்கு இடையிலான மிகப் பெரிய வித்தியாசம். சீரான ஒருங்கல் என்றால் அந்த மிகப் பெரிய வித்தியாசம் 0-க்குப் போக வேண்டும். நம் மேட்டில் அது n. சுருங்குவதற்குப் பதில் வளர்கிறது.

அப்படியானால் சீரான ஒருங்கல் இல்லாவிட்டால் இடம் மாறாது என்று சொல்லிவிடலாமா? கூடாது. அடிப்பக்கத்தை அப்படியே வைத்து, உயரத்தை மட்டும் √n ஆக்குங்கள். உச்சி இப்போதும் முடிவிலிக்குப் போகிறது, சீரான ஒருங்கல் இல்லை. ஆனால் பரப்பு ½ × (2/n) × √n = 1/√n, இது 0-க்குப் போகிறது. எல்லைச் சார்பும் 0. இடம் மாற்றினாலும் விடை சரி.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட, எல்லா மேடுகளுக்கும் சேர்த்து ஒரே கூரை போடுங்கள். √n உயர மேடுகளின் உச்சி x = 1/n-இல் இருப்பதால், 1/√x என்ற வளைகோடு எல்லா மேடுகளையும் மூடிவிடும். அதன் பரப்பு 0 முதல் 1 வரை 2, முடிவுள்ள எண். முடிவுள்ள பரப்புள்ள இப்படி ஒரு கூரை கிடைத்தால் பரப்பு ஒரு புள்ளிக்குள் போய் ஒளிய முடியாது. லெபேக்கின் மேலாதிக்க ஒருங்கல் தேற்றம் சொல்வது இதைத்தான். n உயர மேடுகளுக்கோ கூரை 1/x அளவுக்கு எழும்ப வேண்டும். கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தாலும் 0-இன் அருகே 1/(4x)-க்குக் கீழே போக முடியாது. அதன் பரப்பு 0-இன் அருகே மடக்கை போல வளர்ந்து முடிவிலி ஆகிறது.

கூரை கிடைத்தால் இடம் மாற்றலாம் என்பதுதான் தேற்றம். கூரை இல்லை என்பதை வைத்து மாற்றக் கூடாது என்று முடிவுகட்ட வேண்டாம். அப்போது இங்கே செய்ததுபோல இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும்.

படி 5: கணினியில் சரிபார்க்கும்போது

இடைவெளியை m சம பாகமாக்கி, சரிவக விதியில் பரப்பைக் காணும் நிரல் இது. இரு முனைகளிலும் மதிப்பு 0 என்பதால் நடுப் புள்ளிகளைக் கூட்டினால் போதும்.

```python
def f(n, x):
    return max(0, n - n*n*abs(x - 1/n))

def area(n, m):
    h = 1/m
    return h * sum(f(n, k*h) for k in range(1, m))

for n in (50, 100, 150, 200, 1000):
    print(n, round(area(n, 100), 3))
```

n = 50, 100-க்கு 1 வரும். 150-க்கு 0.75. 200-க்கும் 1000-க்கும் 0. இதைப் பார்த்துப் பரப்பு 0-க்குத்தான் போகிறது என்று நம்பிவிடாதீர்கள். m = 100 என்றால் 0-க்கு அடுத்து நிரல் பார்க்கும் முதல் புள்ளி 0.01. n = 150-இல் மேட்டுக்குள் விழும் ஒரே புள்ளி அதுதான்; 75 × 0.01 = 0.75. n = 200 ஆனதும் முழு மேடும் 0-க்கும் 0.01-க்கும் நடுவே ஒதுங்கிவிடுகிறது, நிரலின் கண்ணில் படுவதே இல்லை. n = 100-இலிருந்து, படி 3-இல் நாம் போட்ட பட்டியலைத்தான் நிரல் 0.01-ஆல் பெருக்கித் தருகிறது.

n = 1000-க்கு area(1000, 1000) என்று கேளுங்கள், 1 வரும். m எப்போதும் n-இன் மடங்காக இருந்தால் உச்சி ஒரு புள்ளியில் சரியாக உட்கார்ந்து, விடை பிசகாது. m-ஐ எவ்வளவு பெரிதாக நிறுத்தி வைத்தாலும் n அதன் இருமடங்கை எட்டியதும் விடை 0 ஆகும். n-ஐ நிறுத்திவிட்டு m-ஐப் பெரிதாக்கினால் 1-க்குப் போகும்.